பிரிவுக்கு ஒரு பிரிவு

ஸ்டாஃப் கவுன்சில் செயலாளர் சாருக்கும், ஸ்டாஃப் ரூமிலும் ஆபீசிலும் லேபிலும் இருக்கும் எல்லாருக்கும்,

வருகிற மே 31-ம் தேதி நான் ஓய்வு பெறுகிறேன். மார்ச் பிறந்ததும் எனக்காகப் பணம் பிரிக்க ஆரம்பிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். குமரி மாவட்டத்தில் வசூலுக்கும் பிரிவு என்றுதான் பெயர், விட்டுப் போவதற்கும் பிரிவு என்றுதான் பெயர். என் பிரிவுக்காக நீங்கள் எடுக்கப்போகும் பிரிவு பற்றித்தான் இந்த மடல். தனியாக உங்கள் கையில் கொடுத்திருக்கலாம். ஆனால் தக்கலைப் பக்கமும் மார்த்தாண்டம் பக்கமும் எய்டட் பள்ளியில் வேலை பார்க்கும் எந்த டீச்சரிடம் பேசினாலும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2019-லிருந்து ஆறு வருடம் செயலாளராக இருந்து பணம் பிரித்தவள் நான்தான். அப்போது ஆளுக்கு 500 ரூபாய். 2020 மே மாதத்தில் அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கியது, அடுத்த வருடம் 60 ஆக்கியது. அதனால் இரண்டு வருடம் நம் பள்ளியில் யாரும் ஓய்வு பெறவில்லை, பிரிவும் இல்லை. 2022-ல் மறுபடி தொடங்கும்போது 500 ரூபாய் ஆயிரமாகியிருந்தது. யார் முடிவு செய்தது, எந்தக் கூட்டத்தில் என்று மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வரி கூட இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட பட்டியலில் முதல் பெயர் என்னுடையது, அதற்கு நேரே 1000 என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான் தீர்மானம். அடுத்தவர் அதை நகல் எடுத்துத் தன் பெயரைச் சேர்த்தார், அவருக்கு அடுத்தவரும் அப்படியே. பத்துப் பெயருக்கு நேரே ஆயிரம் இருக்கும்போது பதினொன்றாவது ஆள் எப்படி 300 என்று எழுதுவார்?

ஒருவர் எழுதினார். 500 என்று எழுதிவிட்டு, ஐந்து நிமிடத்தில் அதை அழித்து 1000 என்று மாற்றினார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற சாம்பல் நிற வரி மட்டும் குரூப்பில் நின்றது. அன்றைக்கு அதைப் பார்த்து நான் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2024-ல் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓய்வு பெறுகிறவருக்கு முக்கால் பவுன் மோதிரம் என்று பிப்ரவரியிலேயே பேசி, நாகர்கோவிலில் ஒரு கடையில் மாடலும் பார்த்து வைத்தோம். செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 42 பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டால் சரியாக வரும் என்று கணக்குப் போட்டேன். முன்பணம் கட்டி அன்றைய விலையைப் பதிந்து வைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். கையில் வசூல் வராததால் கட்டவில்லை. மார்ச் கடைசியில் பவுன் முதன்முறையாக 50,000 ரூபாயைத் தாண்டியது. ஏப்ரலில் மோதிரம் வாங்கப் போனபோது துண்டு விழுந்தது. மோதிரத்தின் எடையைக் குறைக்கலாம் என்று ஆபீஸ் கிளார்க் சார் சொன்னார். 'சொன்ன பிறகு குறைத்தால் நன்றாக இருக்காது' என்று நாம் நாலைந்து பேர் ஸ்டாஃப் ரூமில் நின்றபடியே முடிவு செய்து, ஆளுக்கு இன்னும் 150 ரூபாய் என்று குரூப்பில் போட்டேன்.

மறுநாள் காலை பெல் அடிக்கும் முன்னால், அரசு இல்லாமல் பள்ளி நிர்வாகமே சம்பளம் கொடுக்கிற ஒரு மேனேஜ்மென்ட் டீச்சர் என் மேஜைக்கு வந்தாள். குலசேகரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளை, பி.எட். முடித்தவள். மாதம் 9,000 ரூபாய் சம்பளம், அதுவும் பதினொரு மாதத்துக்குத்தான். ஏப்ரலோடு நின்று ஜூனில் பள்ளி திறந்தால்தான் அடுத்த சம்பளம். அவள் அப்பா ரப்பர் வெட்டுக்குப் போகிறவர். இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற காலம் பிப்ரவரி, மார்ச். நாம் பணம் பிரிப்பதும் சரியாக அந்த மாதங்களில்தான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஆயிரமும் 150-ம் சேர்த்து ஒரே தடவையாகக் கொண்டுவந்திருந்தாள். நாலாக மடித்த இருநூறு ரூபாய்த் தாள் ஐந்து, நூறு ஒன்று, ஐம்பது ஒன்று. தாள்களில் ரப்பர் ஷீட்டின் புகை வாசனை இருந்தது. 'லேட் ஆயிட்டு டீச்சர், மன்னிச்சிருங்க' என்றாள். பேருக்கு நேரே டிக் போட்டேன். மகளிர் குழுவில் அம்மா எடுத்த கடனிலிருந்து கொடுத்தது அது என்று ஜூலையில் வேறு ஏதோ பேச்சுக்கிடையில் அவள் வாயிலிருந்தே வந்தது. குறையாகச் சொல்லவில்லை. குழுக்கடன் வட்டி எப்படிக் கணக்கிடுவது என்று கணக்கு டீச்சரிடம் சந்தேகம் கேட்டாள், அவ்வளவுதான்.

அந்த வருடம் டிசம்பரில் அவள் வேலையை விட்டுப் போனாள். நம் பள்ளியில் இருந்த காலத்தில் நாலு பிரிவுகளுக்கு 4,150 ரூபாய் கொடுத்திருந்தாள். அவள் போன அன்றைக்கு நாம் கொடுத்தது சாயாவும் பழபஜ்ஜியும். அதுவும் மூன்றாவது பீரியடுக்கும் நாலாவதுக்கும் நடுவில். மேனேஜ்மென்ட் ஸ்டாஃபுக்குப் பிரிவு எடுக்கிற வழக்கமில்லை என்று செயலாளராகச் சொன்னவளும் நானே.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் இதை முதல் வருடமே போட்டிருக்க வேண்டும்.

நாம் மொத்தம் 43 பேர். அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் 28, மேனேஜ்மென்ட் சம்பளம் வாங்குகிறவர்கள் 15. விலைவாசியை விட்டுவிடுங்கள், என்றைக்கும் ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 28 பேரும் ஒருவர்பின் ஒருவராக ஓய்வு பெறுகிறார்கள், போகிறவர் இடத்துக்கு வருகிறவரும் அதே ஆயிரத்தைக் கொடுக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். என்னைப் போன்ற ஒருத்தி மற்ற 27 பேருக்கும் ஆயிரம் ஆயிரமாக 27,000 கொடுக்கிறேன். என் முறை வரும்போது 42 பேர் எனக்குக் கொடுக்கிறார்கள், 42,000 வருகிறது. கொடுத்ததைவிட 15,000 அதிகம். அந்த 15,000 எங்கிருந்து வந்தது? 9,000 சம்பளம் வாங்குகிற 15 பேரிடமிருந்து. அவர்களுக்கு முறையே வருவதில்லை.

நம் ஊரில் கல்யாண வீட்டில் சுருள் எழுதுகிறோம். யார் எவ்வளவு வைத்தார் என்று நோட்டில் இருக்கும், அவர் வீட்டு விசேஷத்துக்கு அதைப் பார்த்துத் திருப்பி வைப்போம். வைத்தவருக்குத் திரும்பி வரும் என்பதால்தான் அங்கே தொகையை எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. நாம் அதே மாதிரிப் பெயரும் தொகையும் எழுதினோம், திருப்புவதை மட்டும் 28 பேரோடு நிறுத்திக்கொண்டோம். சீட்டு நடத்துகிறவர் யாராவது இப்படி நடத்தினால் வீட்டு முற்றத்தில் வந்து சத்தம் போட்டிருப்போம்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி பிரிக்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். முதுகலை ஆசிரியர் 1500, பட்டதாரி ஆசிரியர் 1000, ஆபீஸ் 500, மேனேஜ்மென்ட் 200. கேட்க நியாயமாக இருந்தது, நானும் தலையாட்டினேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் சரியாக வரவில்லை. சம்பளம் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும், அதிலிருந்து எவ்வளவு கழிகிறது என்பது யாருக்கும் தெரியாது. நம்மில் லட்ச ரூபாயைத் தொடுகிற சம்பளம் வாங்குகிற ஒருவருக்கு வீட்டுக் கடனும், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்கிற அம்மாவும் இருக்கிறார்கள். அதே ஸ்டாஃப் ரூமில் 9,000 வாங்குகிற ஒருவரின் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார், அவருக்கு ஆயிரம் ஒரு பொருட்டில்லை. பதவியைப் பார்த்துத் தொகை போட்டால் இரண்டு பேர் விஷயத்திலும் தப்பு செய்வோம்.

அதைவிடப் பெரிய தடை ஒரு மேனேஜ்மென்ட் டீச்சர் என்னிடம் சொன்னது. 'எனக்கு மட்டும் 200-ன்னு போர்டுல எழுதினா, டீச்சர், கடன் வாங்கியாவது ஆயிரம் கொடுத்திருவேன். 200-ல நிக்க மாட்டேன்' என்றாள். குறைத்துக் கொடுக்க விரும்புகிறவருக்கு வேண்டியது அனுமதி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அனுமதி கொடுக்க ஒருவர் இருக்கிறார் என்பதே அவளுக்கு உறுத்தல். 'கஷ்டம்னா என்கிட்ட தனியா வந்து சொல்லுங்க' என்று நான் ஒவ்வொரு வருடமும் குரூப்பில் போடுவேன். ஆறு வருடத்தில் ஒரு ஆள் கூட வந்து சொன்னதில்லை. கஷ்டப்படுகிறவர் யாரும் இல்லை என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

அதனால்தான் 2025-ல் ஆபீஸ் அசிஸ்டென்ட் அண்ணன் ஓய்வு பெற்றபோது வேறு மாதிரி செய்து பார்த்தோம். செயலாளராக எனக்கு அது கடைசி வருடம். எப்படிச் செய்தோம் என்பதை முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் சின்னச் சின்ன விஷயங்களில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

ஒரே மாதிரியான பழுப்பு உறை 42 வாங்கினேன். எதிலும் பெயரோ நம்பரோ இல்லை. ஆளுக்கு ஒன்று கொடுத்து, உள்ளே போட விரும்புவதைப் போட்டு, ஒட்டி, மூன்று நாளுக்குள் பழைய பிஸ்கட் டின்னில் போடச் சொன்னேன். முக்கியமான விதி ஒன்றுதான்: பணம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் உறை திரும்பி வர வேண்டும். காலி உறையையும் ஒட்டிப் போட வேண்டும். கொடுக்கிறவர் மட்டும் டின் பக்கம் போனால், போகாதவர் யார் என்று மூன்றாவது நாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். எல்லாரும் போனால் தெரியாது. காலி உறை கையில் மெலிசாக இருக்குமே என்று கிராஃப்ட் சார் கேட்டார், நல்ல கேள்வி. ஒவ்வொரு உறைக்குள்ளும் இரண்டாக மடித்த ஒரு வெள்ளைத் தாளை முதலிலேயே வைத்துவிட்டோம். ஜி-பே கிடையாது என்றும் சொன்னேன். ஜி-பேயில் அனுப்பினால் பெயரும் தொகையும் வாங்குகிறவர் போனில் வந்து நிற்கும். கையில் காசு வைக்காதவர்கள் வேறு யாருக்காவது அனுப்பி, தாளாக வாங்கி உறையில் போட்டார்கள்.

இன்னொன்று, எவ்வளவு வரும் என்று தெரியும்வரை என்ன வாங்குவது என்று பேசவே இல்லை. முக்கால் பவுன் என்று முதலில் சொல்லிவிட்டதால்தானே அந்த 150 ரூபாய் வந்தது. பொருளின் விலையை வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்தால், விலை ஏறினால் அந்தச் சுமை எல்லார் தலையிலும் ஒரே அளவில் விழும். வந்த பணத்துக்குப் பொருள் வாங்கினால் விலை ஏறும்போது பொருள்தான் சின்னதாகும்.

நாலாவது நாள் சாயங்காலம் டின்னை நானும் ஒரு மேனேஜ்மென்ட் டீச்சரும் சேர்ந்து பிரித்தோம். ஒருத்தி மட்டும் பிரித்தால் நாளைக்கு அவள்மேல் சந்தேகம் வரும், இரண்டு பேரும் ஒரே தரப்பாக இருந்தாலும் வரும். 42 உறையும் இருந்தன. மூன்று காலி. 12 உறையில் நூறிலிருந்து முந்நூறுவரை இருந்தது, மொத்தம் 2,350. பதினாலில் 500, பத்தில் 1000, இரண்டில் 2000, ஒன்றில் 3000. ஆக 26,350 ரூபாய். மொத்தத்தை மட்டும் போர்டில் எழுதிவிட்டு உறைகளைக் கிழித்துப் போட்டோம்.

பழைய முறையில் 42,000 வந்திருக்கும். 15,650 குறைந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். அந்தக் குறை எல்லாம் கஷ்டப்படுகிறவர்களுடையது என்றும் சொல்ல மாட்டேன். 15 உறையில் 300 அல்லது அதற்குக் கீழே, நம்மில் மேனேஜ்மென்ட் ஸ்டாஃபும் 15 பேர். எண் ஒத்துப்போகிறதே என்று நீங்கள் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது, ஏனென்றால் என் கண்ணுக்குத் தெரிந்த ஒரு பளபளப்பான புதுத் தாளும் ஏ.டி.எம். ரசீதும் ஒரு சின்னத் தொகை உறையில் இருந்தன. ரசீதில் இருந்த இருப்புத் தொகை சின்னது இல்லை. யாருடையது என்று யோசிக்க ஆரம்பித்தேன். கூட இருந்த டீச்சர் ஒன்றும் சொல்லாமல் ரசீதை என் கையிலிருந்து எடுத்துச் சுருட்டிவிட்டாள். பணம் பிரிக்கிறவருக்கு வருகிற வியாதி அது, ஆறு வருடத்தில் எனக்கு முற்றியிருந்தது.

வசதி இருந்தும் நூறு ரூபாய் போடுகிறவரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். அவரைப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தால், அதே வழியில் குலசேகரத்துப் பிள்ளையும் மாட்டுவாள். ஆயிரம் ரூபாய்ப் பட்டியல் பிடித்தது அவளைத்தான். அது மட்டுமில்லை, அந்த 3,000 ரூபாய் உறை பழைய முறையில் வந்திருக்கவே செய்யாது. பட்டியலில் ஆயிரத்துக்கு மேல் எழுதினால் பெருமைக்கு எழுதினான் என்பார்களே என்று அவரும் ஆயிரத்தோடு நிறுத்தியிருப்பார்.

அண்ணன் வீட்டில் என்ன தேவை என்று அவர் மனைவியிடம் விசாரித்தோம். மழைக்காலம் வந்தால் கரண்ட் போய்விடுகிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்வெர்ட்டர் இருந்தால் கொள்ளாம் என்றார்கள். ஒக்கி அடித்த வருடம் அவர்கள் பகுதியில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது நம் எல்லாருக்கும் தெரியும். பேட்டரியும் சேர்த்து வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டு, மீதிக்கு ஒரு சால்வையும் தோவாளையிலிருந்து ஒரு மாலையும். வாழ்த்து அட்டையில் 42 பேர் பெயரும் அகர வரிசையில் இருந்தது. காலி உறை போட்ட மூன்று பேரும் அதில் இருக்கிறார்கள்.

'மோதிரம் போடலையா?' என்று பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த ஒரு சார் மேடைக்குக் கீழே கேட்டது என் காதில் விழுந்தது. அண்ணன் காதிலும் விழுந்திருக்கும். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. டீச்சர்களுக்கு மோதிரம், அவருக்கு இன்வெர்ட்டரா என்று ஒருவர் நினைத்தால் பதில் சொல்ல முடியாது. புது முறையை ஆபீஸ் அசிஸ்டென்டிடம் தொடங்கியது நாம் செய்த பிழை. சம்பளம் அதிகம் வாங்குகிற ஒருத்தியிடம் தொடங்கியிருக்க வேண்டும்.

அதனால் செயலாளர் சார், என் விஷயத்திலும் அந்த முறையையே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தங்கம் வேண்டாம். ஜனவரியில் உங்கள் குரூப்பில் ஒருவர் 'டீச்சருக்கு ஒரு பவுன்' என்று போட்டதாகக் கேள்விப்பட்டேன், அன்புதான், ஆனால் அதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். பிரிவை மார்ச்சில் எடுக்காமல் ஜூலைக்குத் தள்ளுங்கள். ஜூனில் எல்லாருக்கும் சம்பளம் வந்திருக்கும், பிள்ளைகளின் ஃபீஸும் புத்தகச் செலவும் ஓரளவு முடிந்திருக்கும். மே 31 அன்று வெறுங்கையோடு போனால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொடுங்கள், முந்திரிக்கொத்து செய்து வைக்கிறேன். எவ்வளவு வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

மேனேஜ்மென்ட் ஸ்டாஃப் ஒருவர் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனாலும் டின்னை வெளியே எடுக்க வேண்டும். இதை மட்டும் இந்த முறை கூட்டத்தில் வைத்து மினிட்ஸில் எழுதுங்கள். போன டிசம்பருக்கு முந்தைய டிசம்பரில் போனவளுக்கு நான் தனியாக ஒன்று செய்துவிட்டேன், அது உங்கள் கணக்கில் வராது.

உறை ஐம்பது, வெள்ளைத் தாளோடு, ஸ்டாஃப் ரூம் பீரோவில் இரண்டாவது தட்டில் வைத்திருக்கிறேன். பிஸ்கட் டின்னும் அங்கேதான் இருக்கிறது. மூடி இறுக்கம், கையால் வராது, ஸ்பூன் காம்பால் நெம்ப வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு டீச்சர்